சண்முகத்துக்கு, ஒரு நாய் விஷயமாக

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள சண்முகம்,

மூணு மாசமாக எழுதவில்லை. திட்டுவதை மலையிறங்கி வந்து நேரில் திட்டு, வரும்போது மிளகு கொண்டு வா. வீட்டில் எல்லோரும் சுகம். மூர்த்தி இன்னும் அதே ஸ்கூட்டரைத்தான் தள்ளிக்கொண்டு போகிறான்.

என்னை ஒரு நாய் படாதபாடு படுத்திவிட்டதடா. சிறுவர் இதழுக்கு ஆங்கிலச் சித்திரத் துணுக்குகளைத் தமிழாக்குகிறேன் அல்லவா, அதில் மூன்று கட்டத்தில் ஒன்று. முதல் கட்டத்தில் தொப்பிக்காரர் ஒருவர், ‘என் நாய் பேசும்’ என்கிறார். அடுத்ததில் மரத்தைக் கைகாட்டி, ‘இதன் மேல் இருப்பது என்ன?’ என்று நாயைக் கேட்கிறார். கடைசியில் நாய் ‘பார்க்!’ என்கிறது. ஆங்கிலத்தில் மரப்பட்டையும் பார்க், குரைப்பதும் பார்க். நம் நாய் ‘பட்டை’ என்று சொன்னால் நிஜமாகவே பேசிவிட்டதாக ஆகிறது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆசிரியர், ‘குறை, குரை என்று ஏதாவது செய்யுங்களேன்’ என்றார். காதுக்குச் சரி. அச்சில் ஏதாவது ஒரு எழுத்தைப் போட்டுத்தானே ஆகவேண்டும்? போட்டதும் மற்ற அர்த்தம் செத்துப்போகும்.

சரி, வார்த்தையே வேண்டாம் என்று உட்கார்ந்தேன். நாய் சும்மா குரைக்கிறது, எஜமானுக்கு அது சரியான விடையாகக் கேட்கிறது. அது நின்றால் போதும். நம்மூர் நாய் ‘வள்’ என்றுதானே குரைக்கும்? ‘திருக்குறள் எழுதியது யார்?’ ‘வள்! வள்!’ எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். காலையில் படத்தைப் பார்த்தால் அந்த ஆளின் விரல் மரத்தைக் காட்டுகிறது. வள்ளுவருக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? படத்தில் கை வைக்க எனக்கு உரிமை கிடையாது.

அப்புறம் குமரகிரி படியேறும்போது உன் பெயர்க்காரர்தான் காப்பாற்றினார். நம்பிராஜன் வந்ததும் வேங்கை மரமாக நின்றாரே! ‘முருகன் இப்படி மரமாய் நின்றது யாருக்காக?’ ‘வள்!’ விரலுக்கும் வேலை கிடைத்தது. கடைசி பலூன் சுண்டைக்காய் அளவுதான், அதிலும் அடங்கிவிட்டது.

தொப்பி போட்ட வெள்ளைக்காரர் கந்தபுராணம் கேட்பாரா என்கிறார் ஆசிரியர். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் ஆஸ்ட்ரிக்ஸ் கதையில் வரும் நாய்க்குட்டிக்குப் பிரெஞ்சில் இதெஃபிக்ஸ் என்று பெயர், விடாப்பிடியான எண்ணம் என்று அர்த்தம் தொனிக்கும். ஆங்கிலத்தில் அதை டாக்மாட்டிக்ஸ் ஆக்கினார்கள். பிடிவாதமும் போகவில்லை, ‘டாக்’ என்று நாயும் உள்ளே வந்துவிட்டது. அவர்கள் பெயரையே மாற்றியிருக்கிறார்கள், நான் கேள்வியைத்தானே மாற்றினேன்?

என் பயம் வேறு. வள்ளி கதை தெரியாத பிள்ளைக்கு இது வெறும் குரைப்பு. உன் பேத்தியிடம் வாசித்துக் காட்டு, முன்கூட்டி எதுவும் விளக்காதே. விழித்தாளானால் உடனே எழுது. வெள்ளிக்கிழமை வரை பக்கம் என் கையில்தான் இருக்கும்.

மிளகு, மறக்காதே.

உன்
ராஜு