வட்டி குறைந்த கதை: என் வங்கிக் கிளை மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான் உங்கள் கிளையில் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். செப்டம்பர் 30 அன்று வட்டி 1,263 ரூபாய் வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் ஐந்து லட்சம் இருக்கிறது, வட்டி 2.5 சதவீதம், மூன்று மாதத்துக்கு 3,125 வர வேண்டாமா என்று போன் போட்டால், “சிஸ்டம் போட்ட கணக்கு சார், தப்பா இருக்காது” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

தப்பில்லைதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டேட்மென்ட்டோடு உட்கார வேண்டியிருந்தது.

முதல் கோளாறு என்னுடையது. காலாண்டு முடிவில்தானே வட்டி விழுகிறது, அன்றைக்கு இருக்கும் இருப்புக்குத்தான் வட்டி என்று நினைத்துவிட்டேன். வட்டி விழுவதுதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை; கணக்கு ஓடுவது தினம் தினம், அந்தந்த நாள் முடிவில் இருக்கும் இருப்பின் மேல். 2010 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் இதுதான் முறை. என் கணக்கில் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 9 வரை, 40 நாள், வெறும் 20,000 ரூபாய்தான் இருந்தது. ஆகஸ்ட் 10-ல் டெபாசிட் முதிர்ந்து 4,80,000 வந்து சேர்ந்தது, அதற்கப்புறம் 52 நாள் ஐந்து லட்சம். ஒவ்வொரு இருப்பையும் அது இருந்த நாட்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 2,68,00,000, அதில் 2.5 சதவீதம் எடுத்து 365-ஆல் வகுத்தால் 1,836 ரூபாய். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

மிச்சம் 573 எங்கே போனது? அது டி.டி.எஸ்., வட்டியைத் தரும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வருமான வரி. உள்ளூரில் வசிப்பவர்களின் சேமிப்பு வட்டியில் வங்கி வரி பிடிப்பதில்லை, அதனால்தான் ஊரில் இருக்கும் என் அண்ணனிடம் கேட்டபோது “சேமிப்புக் கணக்குல ஏதுடா டி.டி.எஸ்.?” என்று சிரித்தார். என்.ஆர்.ஓ. கணக்கில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் பிடித்தம். உங்கள் குறுஞ்செய்தியோ பிடித்தது போக மிஞ்சியதை மட்டும் “வட்டி” என்று காட்டுகிறது. என் கோபமெல்லாம் அங்கேதான். இரண்டு வரியாகப் போட்டால் குறைந்தா போய்விடும்?

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர் வரித்துறையின் வதிவிடச் சான்றிதழையும் உரிய படிவத்தையும் முன்கூட்டியே தந்திருந்தால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி 15 சதவீதம், அதாவது 275 ரூபாயோடு முடிந்திருக்கும். கணக்குத் திறந்தபோது ஒன்பது இடத்தில் கையெழுத்து வாங்கினீர்கள், இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. போன 573 ரூபாய் படிவம் 26ஏஎஸ்-ல் என் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போடும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சான்றிதழை இந்த வாரம் அனுப்புகிறேன். டிசம்பர் 31 வட்டிக்கு முன் பதிந்துவிடுங்கள், பதிந்ததும் ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்