‘கட்டணம் இல்லை’ என்ற அறிவிப்பும் மாற்று விகிதத்தில் பிடிக்கப்பட்ட தொகையும் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
வெளிநாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

தங்கள் செயலி வழியாக என் பெற்றோருக்கு அண்மையில் பணம் அனுப்பினேன். முகப்பில் ‘கட்டணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் வீட்டிற்குப் போய்ச் சேர்ந்த தொகை, கட்டணம் வாங்கும் ஒரு வங்கி வழியாக அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைவிடக் குறைவு. இதற்கு விளக்கம் கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் நாட்டின் நாணயத்தில் 1,000 அனுப்பினேன். அந்த நேரத்தில் இடைச்சந்தை விகிதம், அதாவது வங்கிகள் தமக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலான விகிதம், 80 ஆக இருந்தது. தாங்கள் எனக்குக் கொடுத்தது 77.60. ஆகவே வீட்டிற்குக் கிடைத்தது 77,600. அதே நேரத்தில் என் வங்கி 5 கட்டணமும் 79.60 விகிதமும் காட்டியது. கட்டணத்தைக் கழித்து மீதி 995-ஐ மாற்றினால் 79,202 வரும். 1,602 குறைந்திருக்கிறது. இடைச்சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டு என் நாணயத்தில் கணக்கிட்டால், ‘கட்டணம் இல்லாத’ இந்தச் சேவைக்கு நான் 30 கொடுத்திருக்கிறேன்.

இந்தத் தொகை ரசீதில் எங்கும் இல்லை என்பதே என் முதன்மையான குறை. விகிதத்தில் லாபம் வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. சிறு தொகை அனுப்புவோருக்குத் தங்கள் முறை உண்மையிலேயே மலிவு. 100 அனுப்பினால் வங்கியின் நிலையான கட்டணம்தான் அதிகம் கடிக்கும். ஏறக்குறைய 200-ஐத் தாண்டியதும் நிலைமை மாறிவிடுகிறது, ஏனெனில் விகித வேறுபாடு தொகையோடு சேர்ந்து வளர்கிறது. இதை அறிந்து முடிவெடுக்கும் வாய்ப்பைத்தான் தாங்கள் மறுக்கிறீர்கள். பணம் அனுப்பும் செலவை ஒப்பிடும் உலக வங்கியும் கட்டணத்தையும் விகித வேறுபாட்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

தங்கள் உதவி மையம் ‘சந்தை ஏற்ற இறக்கம்’ என்று பதிலளித்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்ற இறக்கம் என்றால் தங்கள் விகிதம் சில வேளைகளில் மேலேயும் சில வேளைகளில் கீழேயும் இருக்க வேண்டும். நான் பார்த்த போதெல்லாம் அது இடைச்சந்தை விகிதத்தைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு கீழேயே நின்றது. ஒரே நிமிடத்தில் எடுத்த இரண்டு திரைப்பதிவுகளை இணைத்துள்ளேன்.

ஆகவே, என் பரிமாற்றத்தில் விகித வேறுபாடாகப் பிடித்த தொகையை எழுத்து வடிவில் உறுதிசெய்து, அறிவிக்காமல் பிடித்த அதனைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும், அனுப்புவோர் ஒப்புதல் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இடைச்சந்தை விகிதம், தங்கள் விகிதம், வீட்டிற்குக் கிடைக்கும் இறுதித் தொகை ஆகிய மூன்றையும் ஒரே திரையில் காட்ட வேண்டும். தங்கள் பதில் நிறைவளிக்காவிட்டால், இதே ஆவணங்களுடன் தங்களுக்கு உரிமம் வழங்கிய ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பரிமாற்ற ரசீது, திரைப்பதிவுகள்