மூன்று ரூபாய் அதிகம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செம்பூரில் உள்ள நம் பிள்ளையார் கோயிலின் திருப்பணி இறைவன் அருளால் நிறைவுற்று, கும்பாபிஷேகமும் நல்லபடியாக நடந்தேறியது. ராஜகோபுரச் சுதை வேலை, வர்ணம், விமானத்தில் மழைநீர் கசிந்த இடங்களை அடைத்தது, மடப்பள்ளித் தரை, கலசங்களுக்குப் புது வரகு எல்லாம் எடுத்துக்கொண்ட திட்டப்படியே முடிந்தன. மும்பை மழையைத் தெரிந்தவர்களுக்கு ஜூனுக்கு முன் மூங்கில் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்று ஸ்தபதியை ஏன் அவ்வளவு விரட்டினோம் என்பது புரியும். வேலைக்கு ஆன மொத்தச் செலவு ரூ.17,65,000. அதன் விவரம் ஏற்கெனவே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அதில் யாரும் ஐயம் எழுப்பவில்லை.

ஐயம் எழுந்தது திருப்பணி நிதிக்காக நடத்திய மெல்லிசை நிகழ்ச்சியின் டிக்கெட் கணக்கில்தான். அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

டிக்கெட் மூன்று நிறத்தில் அச்சிட்டோம். சிவப்பு ரூ.1,000, மஞ்சள் ரூ.500, பச்சை ரூ.200. ஒவ்வொரு சீட்டும் மூன்று துண்டு: புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டை, வாசலில் கிழித்து வாங்கிக்கொள்ளும் பாதி, வந்தவர் கையில் இருக்கும் மீதி. மூன்றிலும் ஒரே வரிசை எண். இலவசப் பாஸுக்குத் தனிப் புத்தகம் அடிக்கவில்லை. சிவப்பிலும் மஞ்சளிலும் சில சீட்டுகளின் மேல் ‘விருந்தினர்’ என்று ரப்பர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டோம். அச்சுக்கூலியில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தது எவ்வளவு தவறு என்று பிறகு தெரிந்தது.

நிகழ்ச்சி முடிந்த வாரம் டிக்கெட் பொறுப்பாளர் கொடுத்த கணக்கு இது. அச்சிட்டதில் திரும்பி வந்ததையும் இலவசமாகக் கொடுத்ததையும் கழித்தால் விற்றது கிடைக்கும்.

| வகை | அச்சிட்டது | திரும்பியது | இலவசம் | விற்றது | வரவேண்டியது |
|---|---|---|---|---|---|
| சிவப்பு ரூ.1,000 | 100 | 12 | 10 | 78 | 78,000 |
| மஞ்சள் ரூ.500 | 300 | 34 | 40 | 226 | 1,13,000 |
| பச்சை ரூ.200 | 400 | 61 | 0 | 339 | 67,800 |
| மொத்தம் | 800 | 107 | 50 | 643 | 2,58,800 |

வந்த பணம்: ரொக்கம் ரூ.1,21,800, கியூஆர் வழியாக யுபிஐயில் ரூ.1,37,003. கூட்டினால் ரூ.2,58,803. வரவேண்டியதைவிட மூன்று ரூபாய் அதிகம். ‘சில்லறை வேறுபாடு’ என்று ஒரு வரி எழுதிக் கணக்கை மூடியிருந்தார்கள். குழுவில் நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். குறைந்தால்தானே கவலை, கூடினால் என்ன?

நம் உறுப்பினர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். “சார், உங்க டிக்கெட் விலை எல்லாமே நூறின் மடங்கு. எத்தனை சீட்டு வித்தாலும், எப்படித் தப்பா கூட்டினாலும், கடைசியில ரெண்டு சைபர்தான் வரணும். இந்த மூணு ரூபா எந்த டிக்கெட்டுக்கு வந்தது?”

எங்களிடம் பதில் இல்லை. ரொக்கம் ரெண்டு சைபரில் முடிகிறது. அப்படியானால் மூன்று ரூபாய் யுபிஐ பக்கம்தான் இருக்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, டிக்கெட் வரவு என்று குறியிட்டிருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முக்கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது: ரூ.5,001, ரூ.2,501, ரூ.1,001. ஒற்றை ரூபாய் சேர்த்துக் கொடுப்பது மொய்க்கும் நன்கொடைக்கும்தான். டிக்கெட் வாங்க வந்தவர் யார் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பார்? மூன்றில் ஒன்று, டிக்கெட் விற்பனை மாலையில் தொடங்கிய நாளன்று காலையிலேயே வந்திருந்தது. மூவரையும் தொலைபேசியில் கேட்டோம். மூவரும் திருப்பணிக்குக் கொடுத்ததாகத்தான் சொன்னார்கள். உண்டியல் பக்கம் ஒட்டியிருந்த அதே கியூஆரைத்தான் டிக்கெட் மேசையிலும் வைத்திருந்தோம். நன்கொடையும் டிக்கெட் பணமும் ஒரே கணக்கில் விழுந்தன.

இந்த மூன்றும் சேர்ந்து ரூ.8,503. இதைக் கழித்தால் உண்மையான டிக்கெட் வரவு ரூ.2,50,300. அதாவது கணக்கு மூன்று ரூபாய் கூடவில்லை, ரூ.8,500 குறைகிறது. ஒரு குறையை ஒரு மிகை அப்படியே மறைத்திருக்கிறது.

இது தற்செயலாக நடந்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுப்பாளர் எதையும் ஒளிக்கவில்லை. முதலில் கூட்டும்போதே ரூ.8,500 குறைந்ததாம். விட்டுப்போன யுபிஐ வரவு இருக்கும் என்று நினைத்து ஸ்டேட்மென்ட்டில் தேடியிருக்கிறார். அந்த நாட்களில் ஒன்றில் முடியும் வரவுகள் பதினொன்று இருந்தன. அவற்றில் எந்த மூன்றைக் கூட்டினால் கணக்கு நேராகிறதோ அந்த மூன்றை எடுத்துக்கொண்டார். மொத்தமாகச் சீட்டு வாங்கியவர்கள் சகுனத்துக்கு ஒரு ரூபாய் சேர்த்திருப்பார்கள் என்று நம்பினார். விடையை வைத்துக்கொண்டு வரவைத் தேடினால் விடைக்கு ஏற்ற வரவு கிடைக்கத்தான் செய்யும். இதில் எங்கள் பங்கும் உண்டு: குறைகிறது என்று வந்து சொன்னால் குழுவில் என்ன பேச்சு விழும் என்று அவர் பயந்திருக்கிறார்.

சரி, ரூ.8,500 எங்கே போனது? தொகையை வைத்து ஊகிக்கலாம் என்று முதலில் பார்த்தோம். பதினேழு மஞ்சளாக இருக்கலாம், எட்டு சிவப்பும் ஒரு மஞ்சளுமாக இருக்கலாம், வகை மாறி விற்றதாகவும் இருக்கலாம். ஊகத்தால் பயனில்லை என்று விட்டுவிட்டு, வாசலில் கிழித்து வாங்கிய பாதிகளைக் கோணிப்பையிலிருந்து கொட்டினோம். நல்லவேளை, அவற்றை யாரும் எறியவில்லை. தரையில் உட்கார்ந்து நிறம் பிரித்து, எண் வரிசையில் அடுக்கியவர்கள் மடப்பள்ளி மாமிகள் மூவர்.

வாசல் பாதி எத்தனை என்பதை விற்ற எண்ணிக்கையோடு நேரடியாக ஒப்பிட முடியாது; சீட்டு வாங்கிவிட்டு வராதவர்கள் உண்டு. ஆனால் முத்திரை குத்திய மஞ்சள் பாதிகள் 47 இருந்தன. கணக்கில் மஞ்சள் இலவசம் 40தான். வராதவர்களால் எண்ணிக்கை குறையலாமே தவிர கூட முடியாது. தலைவர் கையெழுத்திட்ட விருந்தினர் பட்டியலில் உள்ள எண்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தோம். 36 எண்கள் பட்டியலில் இருந்தன. நான்கு விருந்தினர் வரவில்லை. மீதி 11 எண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. இலவச எண்ணிக்கையை அடிக்கட்டையிலிருந்து எடுக்காமல் பட்டியலிலிருந்து எடுத்து எழுதியதால், இந்த 11 சீட்டுகளும் விற்றதாகக் கணக்கில் ஏறிவிட்டன. ரூ.5,500 இங்கே தெளிந்தது.

மீதி ரூ.3,000. இதற்கு அடிக்கட்டைகளைப் புரட்டினோம். கடைசி மஞ்சள் புத்தகத்தில் அடுத்தடுத்த பத்து அடிக்கட்டைகளில், அச்சிட்ட 500க்குப் பக்கத்தில் பென்சிலால் சிறியதாக ‘200’ என்று எழுதியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஹார்பர் வழியில் மெகா பிளாக். வாஷி, நெரூல் பக்கமிருந்து வந்த மூன்று குடும்பங்கள் நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது வந்து சேர்ந்தன. பச்சைச் சீட்டுதான் கேட்டார்கள். பச்சைப் புத்தகம் பால்கனிப் படிக்கட்டுப் பக்கம் இன்னொருவர் கையில் இருந்தது. வாசலில் நின்ற தம்பி ரூ.200 வீதம் வாங்கிக்கொண்டு கையிலிருந்த மஞ்சளைக் கிழித்துக் கொடுத்திருக்கிறான். சீட்டுக்கு ரூ.300 வீதம் பத்துக்கு ரூ.3,000. பாதிக் கச்சேரிக்கு அந்த விலை நியாயம் என்பதே குழுவின் கருத்து. பென்சிலால் எழுதிவைத்ததற்கு அவனைப் பாராட்டவும் வேண்டும். அதை அன்றிரவே யாரிடமும் சொல்லாததுதான் பிழை.

திருத்திய கணக்கில் சிவப்பு ரூ.78,000; மஞ்சள் முழு விலையில் 205க்கு ரூ.1,02,500, குறைத்து விற்ற பத்துக்கு ரூ.2,000, பச்சை ரூ.67,800. மொத்தம் ரூ.2,50,300. வந்த பணத்தோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகிறது.

பட்டியலில் இல்லாத 11 சீட்டுகளில் ஏழு, அன்னதானச் சமையலுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தவை. குழு அவற்றைப் பின்னேற்பு செய்தது. மீதி நான்கை ஒரு குழு உறுப்பினர் தம் உறவினருக்குக் கொடுத்திருந்தார், அதற்கான ரூ.2,000ஐக் கட்டிவிட்டார். ஆக டிக்கெட் வரவு ரூ.2,52,300. அரங்க வாடகை, ஒலி, ஒளி, கலைஞர்கள் என்று நிகழ்ச்சிச் செலவு ரூ.1,32,000. நிகரமாகத் திருப்பணிக்குக் கிடைத்தது ரூ.1,20,300.

ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக்கு ஜிஎஸ்டி ஏன் வாங்கவில்லை என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இசை நிகழ்ச்சி நுழைவுக்கு ஒருவருக்கு ரூ.500 வரைதான் விலக்கு. சிவப்புச் சீட்டு அதற்குள் வராது. ஆனால் சேவைகளுக்கு ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே கட்டாயம். நம் டிக்கெட், மண்டப வாடகை போன்றவை அதற்கு வெகு கீழே இருக்கின்றன. நன்கொடை அந்தக் கணக்கில் சேராது.

நன்கொடை வரவு முன்பு ரூ.16,70,000 என்று காட்டியிருந்தோம். ரூ.8,503 சேர்த்து இப்போது ரூ.16,78,503. நிகழ்ச்சி வரவோடு ரூ.17,98,803. வேலைச் செலவு போகக் கையிருப்பு ரூ.33,803. இது திருப்பணிக் கணக்கிலேயே இருக்கிறது.

மூன்று நன்கொடையாளர்களுக்கும் ரசீது அனுப்பியாயிற்று. ரூ.5,001ம் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயரைப் பளிங்குக் கல்லில் பொறிப்பதாக அறிவித்திருந்தோம். டிக்கெட் வரவில் போய்ச் சேர்ந்ததால் அவர்களில் ஒருவர் பெயர் விட்டுப்போயிற்று. கல் ஏற்கெனவே பதித்தாகிவிட்டதால், கடைசி வரியின் கீழே இருந்த இடத்தில் அவர் பெயரைச் செதுக்கியிருக்கிறோம். எழுத்து கொஞ்சம் சிறியது. அவர் வந்து பார்த்து, போதும் என்றார்.

அடிக்கட்டைகள், வாசல் பாதிகள், விருந்தினர் பட்டியல், ஸ்டேட்மென்ட் நான்கும் கோயில் அலுவலக அலமாரியில் உள்ளன. உறுப்பினர்கள் மாலை 6 முதல் 8 மணிக்குள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு