அந்த வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கும், சென்னை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம். வடசென்னையில் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். போன மாதம் எங்கள் பகுதிக் காவல் நிலையம் ஒன்றில் நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். பழைய குற்றவாளிகளைக் கண்காணிக்கக் காவல் நிலையம் வைத்திருக்கும் சரித்திரப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் பிள்ளைகளாகப் பார்த்துப் பதினோரு பையன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிலையத்துக்கு வரவழைத்தார்கள். லாக்கப்பைத் திறந்து காட்டி, "உங்கப்பன் மாதிரி திரிஞ்சா இதான்டா உன் வீடு" என்று அறிவுரை சொல்லி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து அனுப்பினார்கள். கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இது பலன் தராது, கெடுதலே செய்யும் என்பது ஏற்கெனவே சோதித்துப் பார்த்த விஷயம்.

1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ராவே சிறையில், ஆயுள் கைதிகளை விட்டே பையன்களை மிரட்டிப் பார்த்தார்கள். அது பெரிய பேராகி, பல மாநிலங்களும் அதையே செய்தன. பிறகு, பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை இப்படி அனுப்பி, பாதிப் பேரை அனுப்பாமல் விட்டு ஒப்பிட்ட 9 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் பின்னால் கூடுதலாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். ஏன் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்தே சொல்லலாம். அன்று காலை வரை அந்தப் பதினோரு பேரில் பாதிப் பேருக்கு மற்றவர்களைத் தெரியாது. இப்போது தெரியும். யாருடைய அப்பா எத்தனை முறை குண்டாஸில் போனார் என்ற கணக்கும் தெரியும். அதில் அதிக எண்ணிக்கை வைத்திருக்கும் பையனுக்குத் தனி மதிப்பும் வந்துவிட்டது.

நாங்கள் முதலில் கேட்பது இதுதான். ஒருவரைக் கைது செய்யும்போது, "இந்த வீட்டில் 18 வயதுக்குக் கீழ் யார் யார் இருக்கிறார்கள், இன்று ராத்திரி அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று கேளுங்கள். பதிலை ஒரே பக்கத்தில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள்.

கைதுக் குறிப்பாணை எப்படி இருக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டு ஆள் ஒருவரோ, அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. தாய் சிறைக்குப் போனால் ஆறு வயது வரை பிள்ளை கூடவே இருக்கலாம், அதற்குப் பால், தடுப்பூசி, பாலர் பள்ளி எல்லாம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் விரிவாகச் சொன்னது. அப்பா உள்ளே போனால் வெளியே நிற்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு வழிமுறை இல்லை. உள்ளே போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்தான்.

ஒரு வீட்டை மட்டும் காட்டுகிறோம். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அப்பா மேல் குண்டாஸ். அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் கழுவும் வேலை. பையனுக்குப் பதினொன்று, தங்கைக்கு ஆறு வயது. விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்தது பையன். "அப்பா எங்கடா?" என்று கேட்டதும் அவன் மொட்டை மாடிப் படியைக் கையால் காட்டினான். அப்பாவை இழுத்துக்கொண்டு இறங்கும்போது விளக்கைப் போடச் சொன்னார்கள். அதையும் அவன்தான் போட்டான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவனுக்கு வயிற்று வலி. அரசு மருத்துவமனையில் வயிற்றில் ஒன்றும் இல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பள்ளியில் "உடம்பு சரியில்லை" என்று பதிவு. அப்பாவைக் காட்டிக் கொடுத்தது தான்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அம்மா புழல் சிறைக்குப் போய் மனு போட்டு அப்பாவைப் பார்க்கும் நாளில் கூலி போகும், தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருப்பான், பள்ளியும் போகும். தங்கையிடம் "அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லியிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் இரண்டே நாளில் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அம்மா சொல்லும் எதையும் அவள் நம்புவதில்லை. மூன்றாவது மாதம் வாடகை பாக்கி ஏறியபோது, தெருமுனையில் நிற்கும் அண்ணன் ஒருவர் பையனைக் கூப்பிட்டு, "உங்கப்பா எப்படி இருக்காரு? சாப்பிட்டியா?" என்று கேட்டு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அந்த மூன்று மாதத்தில் அவனிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

காவல் துறைக்கு அந்த அண்ணன் யார் என்று தெரியும். நமக்கு முன்னால் அவர் போய்விட்டார் என்பதுதான் எங்கள் குறை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவரைக் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக நியமிக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அலகிலிருந்து ஆள் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும், ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும், பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும். எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான்.

நடைமுறையில் கோப்பு நிற்கும் இடங்கள் எங்களுக்கு மனப்பாடம். குடும்ப அட்டை அப்பா பெயரில் இருக்கும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குப் போனால் அவர் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். சிறையில் இருப்பவருக்கு என்ன வருமானம் என்று கேட்டால், அதற்குச் சிறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். மனு பார்க்கப் போன அம்மா அந்தக் கடிதத்தை எந்த ஜன்னலில் கேட்பது? இதையெல்லாம் தாண்டி வந்தாலும் கடைசியில் ஒரு தடுப்பு இருக்கிறது. நிதி ஆதரவுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்லும் தகுதிகள் நான்கு: தாய் விதவை, மணமுறிவு பெற்றவர் அல்லது கைவிடப்பட்டவர், உறவினரிடம் வளரும் அனாதைப் பிள்ளை, பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய், விபத்தில் முடங்கிய பெற்றோர். சிறையில் இருக்கும் அப்பா இந்த நான்கில் இல்லை. "கைவிடப்பட்டவர் என்று எழுதிக் கொடும்மா" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வாரா வாரம் புழல் வாசலில் நிற்கும் பெண்ணிடம், புருஷன் கைவிட்டுவிட்டான் என்று எழுதி வாங்குகிறோம்.

இதற்குப் பொய் தேவையில்லை. பராமரிக்க இயலாத நிலையில் பெற்றோர் இருப்பதாகக் குழந்தைகள் நலக் குழு கண்டால், அந்தப் பிள்ளை பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை என்று அதே சட்டத்தின் 2(14) சொல்கிறது. நிதி ஆதரவுக்கு விதி வகுக்கும் அதிகாரமும் மாநில அரசிடமே இருக்கிறது. ஆட்சியர் அவர்கள் "தந்தை அல்லது தாய் சிறையில்" என்ற ஒரு வரியைச் சேர்க்கப் பரிந்துரைத்தால் போதும்.

"அப்பன் புத்திதானே வரும், நாலாயிரம் கொடுத்தா மாறிடுமா" என்று கேட்பவர்கள் உண்டு. தெற்கு லண்டனில் 411 பையன்களை 1961 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிறுவயதில் பெற்றோர் சிறைக்குப் போனதால் பிரிந்த பையன்கள், சாவாலோ நோயாலோ பிரிந்தவர்களைவிட அதிகமாகப் பின்னாளில் தண்டனை பெற்றார்கள். இதுவரை கேட்டால் அந்தக் கேள்வி சரிபோலத்தான் படும். ஆனால் அதே ஆய்வாளர்கள், 1953இல் பிறந்து ஸ்டாக்ஹோமில் வளர்ந்த 15,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பெற்றோரின் குற்றப் பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சிறையால் வந்த கூடுதல் கேடு அங்கே காணவில்லை. தண்டனைக் காலம் குறைவு, சிறையிலிருந்து குடும்பத்தோடு தொடர்பு எளிது, மிச்சமிருக்கும் குடும்பத்துக்கு அரசின் கை உண்டு என்பவை காரணமாக இருக்கலாம் என்றார்கள். சிறை இரண்டு ஊரிலும் சிறைதான். பிள்ளையைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதுதான் வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது ஆணையர் அவர்களுக்கு. நாங்கள் கேட்கும் அந்த ஒரு பக்கம் நிலையத்தில் தங்கக் கூடாது. குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. வீட்டுக்குப் போகிறவர் சீருடையில் போகக் கூடாது, ஜீப்பில் போய் இறங்கவும் கூடாது. இல்லாவிட்டால் இதுவே அடுத்த தலைமுறைக்கான சரித்திரப் பதிவேடாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? சரித்திரப் பதிவேட்டில் சிறு வயது மகன், மகள், தம்பி, தங்கை விவரங்களை எழுதக் கூடாது என்று டெல்லி காவல் துறை திருத்திய ஆணையை, எல்லா மாநிலங்களும் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லியிருக்கிறது. சிறுவயதுத் துன்பங்களைப் பத்துக் கேள்வியாக்கி மதிப்பெண் போடும் முறையை உருவாக்கியவர்களே, அதை வைத்துத் தனி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் சிறைக்குப் போயிருக்கிறார் என்பது அந்தப் பத்தில் ஒன்று. அது உதவி செய்யக் காரணம், சந்தேகப்படக் காரணம் அல்ல.

எங்கள் தெருக்களில் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை ஐயா. மேம்பாலத் தூணெல்லாம் கலர் கலராக ஓவியம். ஒவ்வொரு கோடையிலும் கேரம் போட்டி, கால்பந்துப் போட்டி, முதுகில் பெயர் அச்சிட்ட பனியன், மேடை, போட்டோ. வடசென்னை என்றாலே பந்தும் கையுறையும் கொடுத்தால் போதும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். பந்து வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வயிற்று வலியோடு வீட்டில் படுத்திருக்கும் பையன் மைதானத்துக்கு வருவதே இல்லை. கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள்.

தயவுசெய்து கேளுங்கள்: இந்த வீட்டில் பிள்ளை இருக்கிறதா, ராத்திரிக்கு யார் துணை? கேட்டுவிட்டு, கை விலங்கு போடுவதற்கு முன், பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளைகளை அனுப்ப ஐந்து நிமிடம் கொடுங்கள். அப்பா எங்கே என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். ஏழு நாளுக்குள் அலகிலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போகட்டும். நாளை பள்ளிக்கு யார் கூட்டிப் போவார்கள், வாடகை என்றைக்கு, வட்டிக்கு வாங்கியிருக்கிறார்களா, அப்பாவைப் பற்றிப் பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்ற நான்கையும் கேட்டு எழுதட்டும். சிறையில் இருப்பதற்கான சான்றை அந்த அலுவலரே சிறையிலிருந்து வாங்கட்டும், அம்மாவை அலைய விடாமல்.

படிவத்தை நாங்களே எழுதி இத்துடன் வைத்திருக்கிறோம். ஆறு கேள்விகள், ஒரு பக்கம். ரோந்துக்குப் போகும் காவலர் நின்றபடியே நிரப்ப நான்கு நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
வடசென்னை குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்கள் சிலர்