கிராஃபைட்டைத் தேர்ந்தெடுத்த மாணவி

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் தேர்வுகளில் மாணவர்களின் கவனக்குறைவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘அல்லாதது எது’ என்று கேட்டால் ஆனதைக் குறித்துவிட்டு வருகிறார்கள், கேள்வியை முழுதாகப் படிப்பதே இல்லை என்று கட்டுரையாளர் வருந்தியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்து, வினாத்தாளும் தயாரித்து வருபவள் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்விகளில் விழுபவர்களில் பலர் கவனமாகப் படிக்கிற பிள்ளைகள்.

நானே தயாரித்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ‘பின்வருவனவற்றுள் மின்சாரத்தைக் கடத்தாதது எது? அ) தாமிரம் ஆ) கிராஃபைட் இ) உப்புக் கரைசல் ஈ) வைரம்’. விடை வைரம். வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி கிராஃபைட்டைக் குறித்திருந்தாள். பாடம் புரியவில்லை போலும் என்று நினைத்து அழைத்துக் கேட்டேன். “கிராஃபைட் அலோகம்தான் டீச்சர். ஆனா அதுல ஒவ்வொரு கார்பனும் மூணு கார்பனோடதான் சேர்ந்திருக்கும். மிச்சமிருக்கிற எலக்ட்ரான் நகரும். அதனால கடத்தும், அதான் போட்டேன்” என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். கேள்வியை மறுபடி வாசிக்கச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

அவள் மனதில் நடந்தது என்ன? தாமிரம் கடத்தும் என்பதற்கு யோசனையே தேவையில்லை. அடுத்து கிராஃபைட். இங்கேதான் நின்று, அலோகமாயிற்றே, பிணைப்பு எப்படி, எலக்ட்ரான் எங்கே என்று பாடத்தை நினைவிலிருந்து எடுத்துச் சரிபார்த்தாள். ‘ஆம், கடத்தும்’ என்ற முடிவுக்கு வந்தபோது அவள் கையில் இருந்தது ஒரு சரியான உண்மை. கேள்வியின் ‘கடத்தாதது’ அதற்குள் பின்னால் போய்விட்டது. நூறு கேள்விகளில் தொண்ணூறு ‘சரியானது எது’ என்றே கேட்கும்போது, சரியென்று கண்டதைக் குறிப்பது கையின் பழக்கமாகிவிடுகிறது. எந்த விருப்பத்தில் அதிகம் யோசித்தாளோ அதிலேயே பழக்கம் வேலை செய்தது. மேலோட்டமாகப் பார்க்கும் ஒருவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. நான்கையும் ஒரு பார்வை பார்த்து, வைரம் ஒட்டாமல் இருக்கிறதே என்று குறித்துவிட்டுப் போய்விடுவான்.

திருப்பிப் பார்ப்பதும் பல நேரம் உதவுவதில்லை. மீதி நேரத்தில் அவள் சரிபார்ப்பது தான் குறித்த விடையைத்தான். ‘கிராஃபைட் கடத்துமா? கடத்தும்’ என்று மறுபடி உறுதிசெய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறாள்.

எதிர்மறை வாக்கியம் மனதுக்குக் கூடுதல் வேலை தருகிறது என்பது ஆய்வில் கண்ட செய்தி. 1972இல் கிளார்க், சேஸ் என்ற இரு உளவியலாளர்கள் ‘நட்சத்திரம் கூட்டல் குறிக்கு மேலே இல்லை’ என்பது போன்ற வாக்கியங்களைப் படத்தோடு ஒப்பிட்டு, சரியா தவறா என்று சொல்லச் சொன்னார்கள். இவ்வளவு எளிய வாக்கியத்திலேயே ‘இல்லை’ வந்தபோது பதில் சொல்லக் கூடுதல் நேரம் ஆயிற்று. நம் கேள்வியில் அந்த ‘இல்லை’யை நினைவில் வைத்துக்கொண்டே நான்கு விருப்பங்களையும் ஆராய வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில வினாத்தாளில் எதிர்மறைச் சொல் தனியாக நிற்கும். அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் காட்டலாம். நமக்குப் பெரிய எழுத்தும் இல்லை, எதிர்மறை பெரும்பாலும் தனிச்சொல்லாகவும் நிற்பதில்லை. ‘பொருந்தாதது’ என்பதில் அது நடுவே ஒளிந்திருக்கிறது. ‘தொடர்புற்றது எது’, ‘தொடர்பற்றது எது’ என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வேறுபாடு ஒரே ஒரு உகரக் குறி. பொடி எழுத்தில் அச்சிட்ட தாளில் அந்த ஒரு குறியை நம்பியா ஒரு பிள்ளையின் மதிப்பெண் இருக்க வேண்டும்?

இதைவிடக் கொடியது விருப்பத்திலும் எதிர்மறையை வைப்பது. ‘தவறான கூற்று எது?’ என்று கேட்டுவிட்டு, ‘வைரம் மின்சாரத்தைக் கடத்தாது’ என்று ஒரு விருப்பம் தருகிறோம். கடத்தாது என்பது உண்மை. உண்மையாக இருப்பதால் கூற்று சரி. கூற்று சரியாக இருப்பதால் இது விடையில்லை. வைரத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பவள் மூன்று முறை திசை மாற வேண்டியிருக்கிறது.

பிறகு ஏன் இப்படிக் கேட்கிறோம்? நம்ப வைக்கும் மூன்று தவறான விடைகளை உருவாக்குவது கடினம். பாடநூலிலிருந்து மூன்று சரியான வரிகளை எடுத்து, நான்காவதாகப் பொய்யான ஒன்றைச் சேர்ப்பது எளிது. நானும் இதைத்தான் செய்தேன். ‘கவனத்தையும் சோதிக்க வேண்டாமா’ என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. மதிப்பெண் பட்டியலில் வேதியியல் என்றுதானே எழுதுகிறோம்? கிராஃபைட்டைக் குறித்தவர்களில் பாடம் தெரியாதவரும் இருப்பார், பாடம் முழுதாகத் தெரிந்த என் மாணவியும் இருப்பாள். இருவருக்கும் ஒரே பூஜ்யம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வென்றால் தண்டனையும் ஒன்றே.

இது கேள்வியின் குற்றமா, மாணவரின் குற்றமா என்பதை ஆசிரியரே கண்டுபிடிக்கலாம். மொத்த மதிப்பெண்ணில் மேலே இருப்பவர்கள் அந்தக் கேள்வியில் எதைக் குறித்தார்கள் என்று பாருங்கள். நாற்பது பேர் வகுப்பில் முதல் பதினொருவரை எடுத்தால் போதும். அவர்களில் பலர் தவறி, அதுவும் ஒரே விருப்பத்தில் குவிந்திருந்தால், ஓரிருவரை அழைத்துக் காரணம் கேளுங்கள். காரணம் சரியாகவும் விடை தவறாகவும் இருந்தால் கேள்வியை மாற்ற வேண்டும்.

நான் மாற்றியது இப்படி: ‘மின்சாரத்தைக் கடத்தும் அலோகம் எது? அ) கந்தகம் ஆ) வைரம் இ) அயோடின் ஈ) கிராஃபைட்’. சோதிக்க விரும்பிய அறிவு அதேதான். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே தனித்தனியாகச் சரி, தவறு எழுதச் சொல்வது இன்னொரு வழி. ஹலாடினா, டவுனிங், ராட்ரிகஸ் ஆகியோர் 2002இல் தொகுத்த வினா உருவாக்க நெறிகளிலும், கேள்வியை நேர்மறையாக அமையுங்கள், எதிர்மறை தவிர்க்க முடியாவிட்டால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள் என்ற அறிவுரை உண்டு.

தவிர்க்க முடியாத இடங்களும் இருக்கின்றன. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்வதே பாடம். அங்கே ‘செய்யக்கூடாதது எது’ என்று கேட்பதுதான் முறை. அந்தச் சொல்லைத் தடிப்பாக்கி, கீழே கோடிட்டு, இப்படிப்பட்ட கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் போதும்.

வினாத்தாள்கள் மாறும்வரை என் மாணவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு விருப்பத்தின் அருகிலும் பென்சிலால் ‘ச’ அல்லது ‘த’ என்று எழுது. நான்கையும் எழுதி முடித்த பிறகே கேள்வியைத் திரும்பப் படித்து விடையைக் குறி. மூன்று ‘ச’வுக்கு நடுவே ஒரு ‘த’ நிற்பது கண்ணில் பட்டுவிடும்.

உங்கள் கல்விப் பகுதியில் வெளியாகும் மாதிரி வினாத்தாளிலும் ‘பொருந்தாதது’, ‘தொடர்பற்றது’ என்ற கேள்விகள் தொடர்ந்து வருகின்றன. அடுத்த இதழிலிருந்து அவற்றை நேர்மறையாக மாற்றி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடியாத இடங்களில் அந்த ஒரு சொல்லையாவது தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை