ஈயச் சொம்பு உருகியது குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.
பொருள்: சுத்த வெள்ளீயம் என்று விற்ற சொம்பு, அதனுடன் வந்த தவறான குறிப்பு, உங்கள் பதில்.

ஐயா,

உங்களிடம் வாங்கிய அரை கிலோ ஈயச் சொம்பில் மூன்று வாரம் ரசம் வைத்தோம். நான்காம் வாரம் அதிலேயே தாளித்தேன். கூட வந்த குறிப்புத் தாளில் "தாளிக்கவும் வறுக்கவும் ஏற்றது, 300 டிகிரி வரை தாங்கும்" என்று இருந்ததால்தான் துணிந்தேன். இரண்டு கரண்டி நெய் ஊற்றிக் கடுகு போட்டேன். கடுகு வெடிப்பதற்குள் சொம்பின் அடி ஒரு பக்கம் தொய்ந்தது. அடுத்த நொடி பாதரசம் போல மினுமினுப்பாக பர்னர் மேல் சொட்டியது. நெய் தீப்பிடிக்காமல் அடுப்பை அணைக்க முடிந்தது எங்கள் நல்ல காலம்.

புகார் செய்தபோது, "வெறும் சொம்பைக் காயவிட்டிருப்பீர்கள், வீட்டு அடுப்பில் உலோகம் உருகாது" என்று பதில் எழுதினீர்கள். இந்தக் கடற்கரையில் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் வீட்டுக்காரர் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர். காரீயம் 327 டிகிரியில் உருகும். அதை இரும்புச் சட்டியில் போட்டு, கொல்லையில் விறகு அடுப்பில்தான் உருக்குகிறார். வெள்ளீயம் அதற்கும் முன்பே, 232 டிகிரியிலேயே உருகிவிடும். அலுமினியத்துக்கு 660, இரும்புக்கு 1538 டிகிரி வேண்டும். அப்படியிருக்க, 300 டிகிரி என்று வெள்ளீயச் சொம்புக்கு எப்படி எழுதினீர்கள்? வேறு ஏதோ பாத்திரத்தின் குறிப்பை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

அடுப்புச் சுடர் ஆயிரம் டிகிரிக்கு மேல் இருந்தும் ஈயச் சொம்பு தாங்குவது உள்ளே இருக்கும் ரசத்தால்தான். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாமல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் சொம்பின் அடியும் ஏறாது. முதலில் புளித்தண்ணீர், அப்புறம் தீ என்று என் மாமியார் சொல்வதும் இதற்காகத்தான். நெய்க்கு அந்தத் தடை இல்லை. தாளிக்கும்போது அது 180, 200 என்று ஏறும், அடி அதைவிடச் சூடாகும். ஆகவே சுத்த வெள்ளீயமாக இருந்தாலும் உங்கள் குறிப்பு ஆபத்தானதே.

ஆனால் இது சுத்த வெள்ளீயம்தானா என்பதே எங்கள் சந்தேகம். அவ்வளவு சீக்கிரம் சொட்டியதைக் கேட்டு என் வீட்டுக்காரர், "பற்றவைக்கிற ஈயம் மாதிரி இருக்கே" என்றார். வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தால், தனித்தனியாக உருகுவதைவிடக் குறைந்த சூட்டில், 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கொல்லையில் ஒரு பழைய இரும்புக் கரண்டியில் எண்ணெயை 200 டிகிரிக்குக் காய்ச்சி, வெப்பமானி வைத்துப் பார்த்தோம். உங்கள் சொம்பிலிருந்து சொட்டிய துண்டு குழைந்து உருண்டது. மாமியாரின் பழைய சொம்பு விளிம்பிலிருந்து அறுத்த துண்டு அதே எண்ணெயில் அசையாமல் கிடந்தது. அந்த எண்ணெயையும் கரண்டியையும் அப்புறம் சமையலுக்குத் தொடவில்லை.

அடுத்து எடை. 126 கிராம் துண்டை அளவுக் குழாயில் தண்ணீரில் போட்டோம். தண்ணீர் 15 மில்லி ஏறியது. சுத்த வெள்ளீயமாக இருந்தால் 17 மில்லிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், காரீயம் மட்டும் என்றால் 11 மில்லிதான் ஏறும். அரை மில்லி நாங்கள் தவறாகப் படித்திருந்தாலும் கணக்கு வெள்ளீயத்துக்கு வரவில்லை. வீட்டுச் சோதனையால் காரீயம்தான் கலந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, பிஸ்மத் போன்ற வேறு உலோகம் கலந்தாலும் இப்படி ஆகலாம். அதைச் சொல்ல வேண்டியது ஆய்வகம்.

என் கவலை பணத்தைப் பற்றியது மட்டும் இல்லை. புளியில் இருக்கும் அமிலம் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும். என் ஆறு வயது மகள் மூன்று வாரம் தினமும் அந்த ரசத்தைச் சாப்பிட்டாள். அவள் ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை.

சொம்பின் விலையைத் திருப்பித் தாருங்கள். அதே தொகுதியில் வார்த்த சொம்பு ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அதன் அறிக்கையை எனக்கு அனுப்புங்கள். அது வரும்வரை விற்பனையை நிறுத்தி, வாங்கியவர்களிடம் இப்போதைக்கு அதில் சமைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 300 டிகிரி என்ற தாளை இன்றே எடுத்துவிடுங்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உருகிய துண்டுகளும் குறிப்புத் தாளும் ரசீதும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பத்திரமாக இருக்கின்றன. சோதனைக்குப் பாதித் துண்டு வேண்டுமென்றால் அனுப்புகிறேன், மறுபாதி என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்