சிகரெட்டை விடச் சொல்லும் பெரியவர்களுக்கு: எடை ஏறுவதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்

எங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும், ஆண்டுதோறும் மே 31 அன்று புகையிலை ஒழிப்பு முகாம் நடத்த அலையும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்தில் பழைய மரச்சாமான் வியாபாரம் பார்க்கிறவன் நான். இருபத்திரண்டு வருடம் சிகரெட் பிடித்தேன், கடைசியில் ஒரு நாளைக்குப் பதினைந்து வரை போனது. உங்கள் முகாமில்தான் முதல் தடவை விட்டேன், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நான்காவது மாதம் திரும்பப் பிடிக்க ஆரம்பித்ததற்கும் அங்கே யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்தான் காரணம், அதைச் சொல்லத்தான் இந்த மடல். நுரையீரல் படம் காட்டினீர்கள், வாய்ப்புண் படம் காட்டினீர்கள். விட்டபிறகு எடை ஏறும் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விடும்போது 71 கிலோ இருந்தேன், மூன்று மாதத்தில் 76 கிலோவைத் தாண்டிவிட்டது. ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் இரண்டு பேர் கேட்கிறார்கள், "என்னண்ணே, சிகரெட்டை விட்டதும் தொப்பை போட்டுருச்சு, இதுக்கு அதுவே தேவலை போலயே" என்று. அன்று ராத்திரி வீட்டுக்குப் போகிற வழியில் பெட்டிக்கடையில் ஒன்று வாங்கினேன். வயிற்றைக் குறைக்க ஒரு நாளைக்கு இரண்டு போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன், ஒரே மாதத்தில் பழையபடி பதினைந்து ஆகிவிட்டது. எடை மட்டும் 75-க்குக் கீழே இறங்கவே இல்லை. என்னைப்போல் திரும்பிப் போனவர்கள் நம் ஊரில் இன்னும் மூன்று பேரை எனக்கே தெரியும், மூன்று பேரும் சொன்னது வயிற்றைத்தான்.

இரண்டாம் தடவை விடுவதற்கு முன்னால், ஏன் ஏறுகிறது என்பதை ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். நிகோட்டின் உடம்பைச் சும்மா இருக்கவிடாது, அட்ரினலினைக் கிளப்பி இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும். அதனால் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு கொஞ்சம் கூடுதலாக எரிக்கிறது. ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் பிடிக்கிறவருக்கு இது சுமார் 200 கலோரி வரை வரும். அதோடு மூளையில் பசியை அடக்கும் நரம்புகளையும் நிகோட்டின் தூண்டிவிடுகிறது. விட்ட அன்றிலிருந்து இந்த இரண்டும் நின்றுபோகும். நாக்கும் மூக்கும் வேறு விழித்துக்கொள்ளும், இருபது வருடமாக மந்தமாக இருந்த வாய்க்குக் கந்தரப்பத்தின் நெய்வாசம் அப்போதுதான் முழுசாகத் தெரியும். கையும் வாயும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு ஏறும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மருந்து எதுவும் இல்லாமல் விட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள்: சராசரியாக முதல் மாதத்தில் ஒரு கிலோ, மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு வருடத்தில் நாலரை முதல் ஐந்து கிலோ. அதாவது பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே ஏறிவிடுகிறது, அப்புறம் வேகம் குறைகிறது. ஆறு பேரில் ஒருவருக்கு எடை குறையவே செய்திருக்கிறது, எட்டுப் பேரில் ஒருவருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. இந்த மூன்று மாதம் என்கிற ஒரே ஒரு விஷயத்தை முகாமில் சொல்லியிருந்தால், அந்தப் பந்தியில் கேட்ட பேச்சு என்னை இவ்வளவு உலுக்கியிருக்காது.

அப்புறம் டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். முதல் தடவை விட்ட நாட்களில் எப்படிச் சாப்பிட்டேன் என்று நினைவுபடுத்தி எழுதச் சொன்னார், வீட்டில் தினத்தாள் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். எனக்கே அப்போதுதான் விளங்கியது. சாதத்தைக் கூட்டவில்லை, கறியைக் கூட்டவில்லை. ஒரு நாளைக்கு நான்கு டீ குடித்தவன் ஏழு குடித்திருக்கிறேன், ஏனென்றால் சிகரெட்டுக்கு எழுந்துபோன நேரத்தில் எல்லாம் டீக்குப் போயிருக்கிறேன். பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் சேர்ந்து ஒரு டீ 80 கலோரி என்று வைத்தாலும் மூன்றுக்கு 240. கடையில் கல்லாப் பக்கத்திலேயே ஆத்தா கொடுத்தனுப்பிய தேன்குழல் டப்பா இருந்தது, தினம் கையளவு உடைத்துப் போட்டுக்கொண்டதில் ஒரு நூறு. உடம்பு எரிக்காமல் விட்டது ஒரு 150. மொத்தம் 490. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி என்று எடுத்துக்கொண்டால், தொண்ணூறு நாளில் ஐந்தே முக்கால் கிலோ வருகிறது. உடம்பு எப்போதும் இப்படி வரவு செலவுக் கணக்குப் போல நடக்காது என்று டாக்டர் சொன்னார், ஆனால் என் விஷயத்தில் கிட்டத்தட்ட அப்படியே நடந்திருக்கிறது.

டீயில் இன்னொரு வில்லங்கம் உண்டு, அதை எனக்கு யாரும் சொன்னதில்லை. சிகரெட் புகை, காஃபினைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது. விட்ட சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடும், அதே டீயும் காபியும் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். ஏழு டீ குடித்துவிட்டுக் கை நடுங்குது, தூக்கம் வரலை, படபடப்பாக இருக்கு, இது சிகரெட் இல்லாததால்தான் என்று நான் நினைத்ததில் பாதி டீயின் வேலை. தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் தாறுமாறாகும். அதனால் இரண்டாம் தடவை முதலில் கைவைத்தது டீயில்தான்: நாளைக்கு நான்கு, ஒரு ஸ்பூன் சீனி, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிடையாது.

தேன்குழலை நிறுத்தவில்லை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு பலகாரமே தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தால் முதல் விசேஷத்திலேயே உடைந்துவிடும், உடைந்த கோபத்தில் சிகரெட்டும் கூடவே வரும். டப்பாவை மட்டும் கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றினேன், சாயங்காலம் தட்டில் எடுத்துவைத்து உட்கார்ந்து சாப்பிடுவேன். கடையில் வெள்ளரிப் பிஞ்சும் நெல்லிக்காயும் ஒரு சின்ன டப்பியில் சோம்பும் வைத்துக்கொண்டேன். வெற்றிலை பாக்குக்கு மட்டும் போகவேண்டாம் என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப்புற்றுநோய் கொடுப்பதுதான்.

சிகரெட் ஆசை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு எங்கள் பழைய வீடு உதவியது. முகப்பில் ஆரம்பித்து, வளவைச் சுற்றி, இரண்டாம் கட்டு தாண்டி, அடுத்த தெருவில் திறக்கிற பின்வாசல் வரை வெறுங்காலோடு போய்த் திரும்புவேன். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். மூன்றாவது சுற்றில் ஆசை இறங்கியிருக்கும். அதுபோக காலையில் அரைமணி நேரம் ஊருணியைச் சுற்றி வேக நடை. அரைமணி நடைக்கு என் எடைக்கு நூற்றைம்பது கலோரிக்குள்தான் செலவாகும், சிகரெட் எரித்துக்கொண்டிருந்ததை ஈடுகட்ட அது போதும்.

டாக்டர் நிகோட்டின் சூயிங்கமும் கொடுத்தார், இரண்டு மில்லிகிராம். இதை மிட்டாய் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும், எனக்கும் முதல் நாள் வந்தது. மெதுவாக மெல்லவேண்டும், காரமாகச் சுள்ளென்று தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். சுள்ளென்பது அடங்கியதும் மறுபடி மெல்லவேண்டும், இப்படி அரைமணி. டீ குடித்துக் கால்மணி நேரம் ஆகாமல் போட்டால் சரியாக ஏறாது. இது போடுகிறவரை எடை ஏறுவது கொஞ்சம் தள்ளிப்போகும். சூயிங்கத்தை நிறுத்தியபிறகு கொஞ்சம் ஏறலாம்தான், ஆனால் அதற்குள் டீயும் நடையும் பழகியிருக்கும். யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டே போடுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டு இருக்கும் சிலருக்கு, எனக்கு இருந்தது. அது கொழுப்பு இல்லை, மலச்சிக்கல். நிகோட்டின் போனதும் குடல் கொஞ்ச நாள் மந்தமாகிறது. தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டினால் சரியாகும். எடை மிஷினில் முள் ஏறாமல் வேட்டி மட்டும் இறுகினால் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் தடவை மூன்றாம் மாதம் பார்த்தபோது 75-இலிருந்து 77, ஒரு வருடத்தில் 77.5, அங்கேயே நிற்கிறது. ஏறாமல் இல்லை. ஆனால் இதைப் பார்த்து நான் பயப்படவில்லை. அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்கிற ஊரில் தலைமுறை தலைமுறையாக மக்களைப் பின்தொடர்ந்து நடத்துகிற ஆய்வில் இதையே பார்த்து 2013-இல் முடிவு வெளியிட்டார்கள்: சர்க்கரை நோய் இல்லாதவர்களில் விட்டவர்களுக்கு, எடை ஏறியதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மாரடைப்பு போன்ற இதயநோய் ஆபத்து பிடிக்கிறவர்களைவிட ஏறத்தாழ பாதிதான். சிகரெட் தொப்பையைக் குறைக்கும் என்பதும் சரியில்லை, நிறையப் பிடிக்கிறவர்களுக்கு மொத்த எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுப் பக்கத்தில் கொழுப்பு சேரும். சர்க்கரை எல்லையில் இருப்பவர்கள், சர்க்கரை நோய் குடும்பத்தில் உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்கவேண்டும். விட்டபிறகு எடை ஏறினால் சில வருடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும், அதனால் மூன்று மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சர்க்கரையைக் காரணம் காட்டித் திரும்பப் பிடிக்கவேண்டியதில்லை, சிகரெட்டும் சர்க்கரை நோயைக் கொண்டுவருவதுதான்.

இனி உங்களிடம் கேட்பது. அடுத்த முகாமில் விடுவதாகப் பெயர் கொடுக்கிற ஒவ்வொருவரையும் அன்றைக்கே எடை பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்தில் சுமார் மூன்று கிலோ ஏறலாம் என்று வாயாலேயே சொல்லுங்கள். புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-112-356, அதையும் அந்தச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். அப்புறம் அடுத்த மே வரைக்கும் காத்திருக்காமல், ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எல்லோரையும் திரும்பக் கூப்பிடுங்கள், தடுமாறுகிற நேரம் அதுதான். ஏறியவர்களை யாரும் கேலி செய்யாதபடி ஒரு டாக்டர் தனியாக உட்கார்ந்து பேசட்டும், பந்தியிலும் அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று பெரியவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

எடை மிஷினை நான் வாங்கித் தருகிறேன். சங்கக் கட்டடத்து முகப்பில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வருடம் முழுக்க யாரும் ஏறிப் பார்த்துக்கொள்ளலாம்.